முதல் வாய்ச் சாப்பாடு எத்தனை மணிக்கு? சலரோகக்காரரின் வைத்தியசாலை நாள்

சலரோகம் உள்ள ஒருவருக்கு ஒரே நாளில் வெறும் வயிற்று இரத்தப் பரிசோதனை, வயிற்று ஸ்கான், கிளினிக் என்று மூன்று வேலை விழுந்தால், வீட்டில் முதலில் எழும் கேள்வி "எத்தினை மணி பஸ்ஸுக்குப் போறது?" என்பதுதான். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அன்று அவர் எத்தனை மணிக்குச் சாப்பிடப் போகிறார்? இந்த நேரத்தை முதலில் தீர்மானித்துவிட்டால் முதல்நாள் இரவுச் சாப்பாடு, ஊசி, பஸ் எல்லாவற்றையும் அதிலிருந்து பின்நோக்கிக் கணக்குப் பார்க்கலாம்.

நெல்லியடியிலிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு வரும் 66 வயது அம்மா ஒருவரை எடுத்துக்கொள்வோம். காலையும் இரவும் 30/70 கலவை இன்சுலின் போடுகிறார். மெற்போமினும் பிரஷர் குளிசையும் எடுக்கிறார். வெறும் வயிற்றுச் சீனியும் கொழுப்பும் பார்க்க வேண்டும். மேல்வயிற்று ஸ்கான் ஒன்றும் எழுதியிருக்கிறார்கள்.

சீனிக்கு 8 மணித்தியாலம் சாப்பிடாமல் இருந்தால் போதும். கொழுப்புக்கு 9 முதல் 12 வரை கேட்பார்கள். ஸ்கானுக்கு 6 முதல் 8 வரை. ஆகவே இரவுச் சாப்பாட்டை 8.30க்கு முடித்தால், காலை 7.30க்கு இரத்தம் கொடுக்கும்போது 11 மணித்தியாலம் ஆகியிருக்கும். இது சரியான இடைவெளி. ஆனால் பலர் "பசி தாங்கோணும்" என்று 6.30க்கே சாப்பிட்டுப் படுத்துவிடுகிறார்கள். அப்படியானால் காலை 7.30க்கு 13 மணித்தியாலம் ஆகிவிடும். ஸ்கான் 10 மணிக்குத் தள்ளிப்போனால் பதினைந்தரை. இரவு ஊசி போட்டவருக்கு இவ்வளவு நீண்ட பட்டினி ஆபத்து.

பச்சைத் தண்ணீர் குடிக்கலாம், குடிக்கவும் வேண்டும். உடம்பில் நீர் குறைந்தால் நரம்பு அகப்படாமல் இரண்டு மூன்று தரம் குத்த வேண்டிவரும். சீனி போடாத பிளேன்ரீ, வெற்றிலை, சுருட்டு எல்லாம் வேண்டாம். பால்தேத்தண்ணி இரண்டு பரிசோதனைகளையும் ஒன்றாகக் கெடுக்கும். அதிலுள்ள சீனி இரத்தத்தில் ஏறும், கொழுப்பு பித்தப்பையைச் சுருக்கும். சுருங்கிய பித்தப்பைக்குள் சிறிய கல் இருந்தாலும் ஸ்கானில் தெரியாமல் போகலாம். சாப்பாட்டோடு குடலில் சேரும் வாயு சதையியை மறைத்துவிடும். "ஒரு வாய்தானே" என்று குடித்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். பிழையான ரிப்போர்ட்டை நம்பி மருந்தைக் கூட்டுவதைவிட வேறொரு நாள் வருவது நல்லது.

பெரிய பிழை நடப்பது விடியற்காலையில். ஊசி போடுவது பழக்கமாகிவிட்டதால், 5 மணிக்கு எழும்பி ஊசியைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். காலை ஊசி, காலைச் சாப்பாட்டுக்கு உரியது. சாப்பாடு தள்ளிப்போனால் ஊசியும் தள்ளிப்போக வேண்டும். கிளிக்ளசைட், ரொல்பியூற்றமைட் போன்ற சீனிக் குளிசைகளும் அப்படித்தான். மெற்போமினையும் சாப்பாட்டோடு எடுக்கலாம். பிரஷர் குளிசையை மட்டும் வழக்கமான நேரத்தில் ஒரு மிடறு தண்ணீரோடு விழுங்கலாம், வைத்தியர் வேறுவிதமாகச் சொல்லியிருந்தால் தவிர. முதல்நாள் இரவு ஊசியின் அளவைக் குறைக்க வேண்டுமா என்பதைத் திகதி எடுக்கும்போதே வைத்தியரிடம் கேட்டு, கொப்பியில் எழுதுவித்துக்கொள்ளுங்கள். உங்கள் பாட்டில் அளவை மாற்ற வேண்டாம்.

ஸ்கானுக்குத் திகதி கொடுக்கும் இடத்தில் "சலரோகம், ஊசி போடுறவா, காலமை நேரம் தாங்கோ" என்று கேளுங்கள். பிற்பகல்தான் கிடைக்கும் என்றால், இரத்தம் கொடுத்ததும் 8 மணிக்குச் சாப்பிட்டு, 2 மணி ஸ்கான் வரைக்கும் மறுபடி வெறும் வயிற்றோடு இருக்கலாம் என்பது கணக்குக்குச் சரியாக வரும். ஆனால் காலையில் போடும் கலவை இன்சுலின் மத்தியானச் சாப்பாட்டையும் எண்ணிப் போடப்படுவது. அதன் நீண்டநேரப் பகுதி மத்தியானத்தை அண்டித்தான் வேகம் பிடிக்கும். அந்த நேரத்தில் வெறும் வயிறாக இருந்தால் சீனி விழுந்துவிடும். பிற்பகல் ஸ்கானைத் தவிர்க்கவே முடியாதென்றால், அன்றைய காலை ஊசியின் அளவையும் வைத்தியரே சொல்ல வேண்டும்.

ஸ்கான் என்ற ஒரு சொல்லுக்குள் வேறு வேறு ஆயத்தம் இருக்கிறது. சலப்பை, கர்ப்பப்பை, புரொஸ்டேட் பார்க்கும் ஸ்கானுக்குச் சலப்பை நிறைந்திருக்க வேண்டும். ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீரை ஒரு மணித்தியாலத்துக்கு முன் குடித்து முடித்துவிட்டு, சலம் கழிக்காமல் இருக்கச் சொல்வார்கள். இதை வீட்டில் குடித்துவிட்டு பஸ் ஏறினால், கோப்பாய்க்கு வருமுன்னரே அடக்க முடியாத நிலை வந்துவிடும். வைத்தியசாலைக்கு வந்து, வரிசை எவ்வளவு நீளம் என்று பார்த்தபிறகு குடிக்கத் தொடங்குங்கள். இருதய, சிறுநீரக வருத்தம் காரணமாகத் தண்ணீர் அளவு கட்டுப்படுத்தப்பட்டவர்கள் முதலில் கேட்டுவிட்டுக் குடிக்க வேண்டும்.

அந்த அம்மாவின் நாள் இப்படி அமையலாம். 5.30க்கு வீட்டால் வெளிக்கிட்டு, வல்லை வெளியைத் தாண்டி வரும் முதல் பஸ்களில் ஒன்றைப் பிடிக்க வேண்டும். தரிப்புகளோடு ஒரு மணித்தியாலமாவது எடுக்கும். பஸ் நிலையத்திலிருந்து வைத்தியசாலை நடக்கும் தூரந்தான், ஆனாலும் முழங்கால் நோ உள்ளவருக்கு ஓட்டோ பிடியுங்கள். துணைக்குக் கட்டாயம் ஒருவர் வேண்டும். அம்மா இரத்தம் கொடுக்கும்போது மற்றவர் கிளினிக் வரிசையைப் பார்க்கலாம். 7.30க்கு இரத்தம், 9 மணிக்கு ஸ்கான், 9.30க்கு ஊசியும் சாப்பாடும். சாப்பாட்டை வீட்டிலிருந்து கொண்டுவருவது நல்லது, வெளியே தேடித்திரிய அரை மணித்தியாலம் போய்விடும். இன்சுலினை ஐஸ்கட்டியில் படாமல், ஈரத்துணி சுற்றிய சிறு பெட்டியில் வையுங்கள். வெயிலில் நிற்கும் ஓட்டோவுக்குள் விட்டுவிட வேண்டாம்.

இரத்த ரிப்போர்ட் அன்றே கிளினிக்குக்கு வந்துசேருமா என்பதை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். வராது என்றால், இரத்தத்தையும் ஸ்கானையும் ஒரு நாளிலும் கிளினிக்கை அடுத்த கிழமையிலும் வைப்பதுதான் புத்தி. ரிப்போர்ட் இல்லாமல் வைத்தியருக்கு முன் இருந்தால் பழைய மருந்தே திரும்ப எழுதப்படும். நெடுந்தீவிலிருந்து வருபவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு. படகில் குறிகட்டுவானுக்கு வந்து, அங்கிருந்து பஸ்ஸில் யாழ்ப்பாணம் வருவதற்குள் வெறும் வயிற்று நேரம் கைமீறிவிடும். முதல்நாளே பட்டினத்தில் உறவினர் வீட்டில் தங்குவதுதான் வழி.

காத்திருக்கும்போது வியர்வை, கைநடுக்கம், நெஞ்சுப் படபடப்பு, பதில் சொல்லத் தடுமாற்றம் இவற்றில் ஒன்று கண்டாலும் பரிசோதனையை மறந்துவிடுங்கள். மூன்று நான்கு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடுத்துவிட்டு, பக்கத்திலிருக்கும் தாதியிடம் சொல்லுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் திரும்ப ஒருமுறை கொடுக்க வேண்டும். மயங்கிவிட்டவருக்கு வாயில் எதுவும் ஊற்றக்கூடாது. இதற்காகச் சீனிப் பொட்டலம் ஒன்று துணைக்கு வருபவரின் சட்டைப் பையில் இருக்கட்டும். கைப்பை ஸ்கான் அறைக்கு வெளியே வேறொருவரிடம் நின்றுவிடும்.

திரும்பும் பயணத்திலும் கவனம் வேண்டும். 9.30க்கு ஊசி போட்டவர் கிளினிக்கும் பாமசி வரிசையும் முடிந்து 2 மணிக்கு பஸ் ஏறினால், மத்தியானச் சாப்பாடு இல்லாமல் நெல்லியடிக்குப் போய்ச்சேர 3 மணி தாண்டிவிடும். ஒரு மணிக்கே கதிரையில் இருத்தி, கொண்டுவந்த இரண்டாவது பார்சலைச் சாப்பிட வையுங்கள். மருந்து எடுக்க மற்றவர் வரிசையில் நிற்கட்டும்.