சிலிண்டரை ஒப்படைக்கும் நாளிலிருந்து தொடங்குங்கள்

போன மே மாதம் வேளச்சேரியிலிருந்து கோவை சரவணம்பட்டிக்கு ஒரு வீட்டை ஏற்றிப் போனோம். இரண்டு பெட்ரூம் வீடு. கணவன், மனைவி, பையன், பாட்டி என்று நான்கு பேர். மொத்தம் 63 பெட்டிகள். ஒரு கண்ணாடி டம்ளர்கூட உடையவில்லை. ஆனால் அந்தக் குடும்பம் அடுத்த பதினொரு நாள் ஓட்டல் சாப்பாட்டில்தான் ஓட்டியது. கேஸ் இணைப்பை ஒப்படைத்ததற்கு ஏஜென்சி கொடுத்த வவுச்சர் ஏதோ ஒரு பெட்டிக்குள் போய்விட்டது. கடைசியில் பையனின் பழைய நோட்டுகளுக்கு நடுவே கிடைத்தது.

பதினேழு வருடமாக வீடு மாற்றிக் கொடுக்கும் தொழிலில் இருக்கிறேன். லாரி வரும் தேதியைத்தான் எல்லோரும் முதலில் குறிப்பார்கள். அதன் பிறகு நான் முதலில் கேட்பது, சிலிண்டரை என்றைக்கு ஒப்படைக்கிறீர்கள் என்பதைத்தான். சமையல் நிற்கும் நாளும் அடுக்களையைக் கட்டும் நாளும் அதை வைத்துத்தான் முடிவாகும்.

ஒரே ஊருக்குள் மாறினால் சிரமமில்லை. சிலிண்டரும் ரெகுலேட்டரும் உங்களிடமே இருக்கும், இணைப்பை மட்டும் புது ஏரியா ஏஜென்சிக்கு மாற்றிக்கொள்ளலாம். வேறு ஊர் என்றால் கதை வேறு. இருக்கிற சிலிண்டர்களையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து, முதலில் கட்டிய டெபாசிட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, புது ஊர் ஏஜென்சியில் காட்ட டெர்மினேஷன் வவுச்சர் பெற வேண்டும். இணைப்பு எடுத்தபோது கொடுத்த சப்ஸ்கிரிப்ஷன் வவுச்சரும் நீலப் புத்தகமும் அப்போது கையில் இருக்க வேண்டும். திரும்பி வருவது அன்றைக்குக் கட்டிய தொகைதான். புது ஊரில் கட்டுவதோ இன்றைய டெபாசிட். 2022 ஜூனிலிருந்து 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றுக்கு 2,200 ரூபாய். பத்து வருடத்துக்கு முன் இணைப்பு வாங்கியவர்கள் இந்த வித்தியாசத்தைப் பட்ஜெட்டில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். புறப்படுவதற்கு ஒரு மாதம் இருக்கும்போதே அடுத்த சிலிண்டர் பதிவு செய்வதை நிறுத்துங்கள். கேஸ் மிச்சமுள்ள சிலிண்டரை லாரியில் ஏற்றச் சொல்லாதீர்கள், நான் ஏற்ற மாட்டேன்.

வேளச்சேரி வீட்டில் லாரி நாளுக்கு மூன்று நாள் முன்பு சிலிண்டர் போனது. அந்த மூன்று நாளும் இண்டக்ஷன் அடுப்பு, ஒரு குக்கர், ஒரு பால் பாத்திரம். மற்ற பாத்திரங்களை அன்று மாலையே கட்டிவிட்டோம். புது வீட்டில் இணைப்பு வரும்வரை சமாளிக்க 5 கிலோ சின்ன சிலிண்டர் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். அதற்கு முகவரிச் சான்று தேவையில்லை, ஓர் அடையாள அட்டை போதும். பால் காய்ச்சுவதைப் பலர் நல்ல நாள் பார்த்து லாரிக்குப் பத்து நாள் முன்பே வைத்துவிடுகிறார்கள். அன்றைக்கும் இதுதான் உதவும்.

மற்ற பொருள்களைக் கட்டும் வரிசை எளிது. எது கைக்கு வராமல் அதிக நாளாக இருக்கிறதோ அதை முதலில் கட்டுங்கள். ஐந்து வாரம் முன்பு பரண். அங்கே இருப்பதில் பாதி கொண்டுபோகவே வேண்டாதது. பழைய இரும்புக்காரருக்கு அப்போதே போட்டால் லாரியில் இடம் மிச்சம். நாலு வாரம் முன்பு புத்தகம், கொலு பொம்மை, பட்டுப் புடவை. புத்தகத்தைப் பெரிய பெட்டியில் போட்டால் அடி பிய்ந்துவிடும், சின்னப் பெட்டிதான் சரி. பெட்டியின் மேல்பக்கத்தில் எழுதாதீர்கள். அடுக்கினால் மேல்பக்கம் தெரியாது. பக்கவாட்டில் எண்ணும், புது வீட்டில் எந்த அறைக்குப் போக வேண்டும் என்பதும் எழுதுங்கள். எந்த எண்ணில் என்ன இருக்கிறது என்று ஒரு நோட்டில் குறித்திருந்தால் அந்த வவுச்சர் அன்றைக்கே கிடைத்திருக்கும்.

முந்தின நாள் ஃபிரிட்ஜை அணைத்து ஐஸ் கரைய விடுங்கள். முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷின் என்றால், வாங்கும்போது பின்னால் இருந்த நீளமான போல்ட்டுகளைத் தேடி எடுத்து மாட்டுங்கள். அவை இல்லாமல் 500 கிலோமீட்டர் குலுங்கினால் டிரம் அடிவாங்கும். போய்ச் சேர்ந்ததும் அதே போல்ட்டுகளைக் கழற்றிவிட்டுத்தான் மெஷினை ஓட்ட வேண்டும். ஏசியைக் கழற்றுபவர் கேஸை வெளி யூனிட்டுக்குள் இழுத்து அடைத்த பிறகே குழாயைப் பிரிக்க வேண்டும். நேராகப் பிரித்தால் புது ஊரில் கேஸ் நிரப்பும் செலவு உங்கள் தலையில்.

கரண்ட் பில்லில்தான் பழைய வீட்டுக்காரருடன் அதிகம் மனஸ்தாபம் வருகிறது. தமிழ்நாட்டில் கணக்கெடுப்பு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. நீங்கள் நடுவில் காலி செய்கிறீர்கள். வேளச்சேரிக் குடும்பம் அந்தச் சுற்றில் ஓட்டியது 310 யூனிட். அவர்கள் போன பின் வீட்டுக்காரர் பெயிண்ட் வேலை நடத்தி, அடுத்த குடித்தனமும் ஏசி போட்டு, மேலும் 250 ஆனது. மொத்தம் 560. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறி, யூனிட் விலை கூடிவிடும். வந்த பில்லை யூனிட் விகிதத்தில் பிரித்துக் கேட்டார் வீட்டுக்காரர். தனியாக 310க்கு வந்திருக்கக்கூடியதைவிட அது நிறையவே அதிகம். அதனால் சாவி கொடுக்கும் நாளில் மீட்டரைப் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். உங்கள் யூனிட்டுக்கு மட்டும் கணக்குப் போட்டுக் கட்டுவதாக அதிலேயே எழுதி, அவர் சரி என்று சொன்ன பிறகு பணத்தை நீட்டுங்கள். புது வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்குமுன் அங்குள்ள இணைப்பு எண்ணை வாங்கி, பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் இருந்தாலும் பாக்கிக்காகக் கரண்டை நிறுத்தினால் இருட்டில் உட்காரப்போவது நீங்கள்.

முகவரி மாற்றத்தில் ஒன்று இன்னொன்றுக்குச் சான்றாகும், வரிசை தப்பினால் அலைச்சல். அடிவேர் வாடகை ஒப்பந்தம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி அது எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் செய்ய வேண்டும். கணவன் மனைவி இருவர் பெயரையும் போடச் சொல்லுங்கள். கணவர் பெயர் மட்டும் இருந்தால் மனைவிக்கு ஒவ்வோர் இடத்திலும் தனியாக விளக்க வேண்டிவரும். ஒப்பந்தத்தைக் கொண்டு கேஸ் இணைப்பு. கேஸ் பில் வந்ததும் அதைக் கொண்டு ஆதார். மூன்று மாதத்துக்குள்ளான கேஸ் பில்லை ஆதாருக்கு ஏற்கிறார்கள். ஆதார் மாறிய பிறகு வங்கி, ரேஷன் அட்டை. வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8. வண்டிப் பதிவுச் சான்றில் 30 நாளுக்குள் முகவரி மாற்ற வேண்டும் என்பது சட்டம், ஆனால் அதைத்தான் எல்லோரும் கடைசியில் வைக்கிறார்கள். ரேஷனுக்கு அவசரமில்லை. 2020 அக்டோபரிலிருந்து மாநிலத்தில் எந்தக் கடையிலும் வாங்கலாம்.

வங்கியைத் தள்ளிப்போடாதீர்கள். டெபிட் கார்டு காலாவதியானால் புதியது பழைய வாசலுக்குத்தான் போகும். இடைப்பட்ட நாள்களுக்குப் பழைய தபால் நிலையத்தில் புது முகவரியை எழுதிக் கொடுங்கள், தபால்காரரிடம் வாயாலும் சொல்லிவிடுங்கள். கூரியர் இதில் சேராது. அதற்குப் பக்கத்து வீட்டு அக்காதான்.

ஒப்பந்தம், வவுச்சர், நீலப் புத்தகம், ஆதார், பையனின் டிசி, வாஷிங் மெஷின் போல்ட் எல்லாம் ஒரே பையில் உங்கள் மடியில் இருக்கட்டும். அந்தப் பையை ஏற்றக் கேட்டால் என் ஆட்களிடமும் கொடுக்காதீர்கள்.