வசனமில்லாத குறும்படம்: கதை எந்த இடத்தில் நழுவுகிறது?

வசனமே இல்லாமல் குறும்படம் எடுக்க வருபவர்கள் பெரும்பாலும் உணர்ச்சியைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். சோகம் தெரியுமா, பார்ப்பவர் கண் கலங்குமா என்று கேட்பார்கள். எடிட்டிங் மேசையில் நான் பார்ப்பது வேறு. நல்ல முகமும் கொஞ்சம் இசையும் இருந்தால் உணர்ச்சி வந்துவிடும். நழுவுவது தகவல்தான். இவர் அவருக்கு என்ன உறவு, இந்த வீட்டில் வழக்கமாக என்ன நடக்கும், இன்றைக்கு எது நடக்கவில்லை? இவற்றில் கடைசிக் கேள்விதான் ரொம்பக் கடினம். ஒருவர் வந்தார் என்று காட்ட ஒரு ஷாட் போதும். அவர் வரவில்லை என்று காட்ட வேண்டுமானால், அவர் வழக்கமாக வருபவர் என்பது பார்ப்பவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

பயிற்சிப் பட்டறை ஒன்றில் ஒரு மாணவி கொண்டுவந்த கதையை வைத்து இதைச் சொல்கிறேன். கதை சின்னதுதான். வீட்டிலேயே துணி தைத்துக் கொடுக்கும் அப்பா, பள்ளிக்கு நடந்து போகிற மகளுக்காகத் தையல் மிஷினை விற்று சைக்கிள் வாங்குகிறார். மகளுக்கு அது தெரியவருகிறது.

முதல் வரைவில், மிஷினை விற்றுத்தான் சைக்கிள் வாங்கினேன் என்று அப்பா பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வார். வசனம் கூடாது என்றதும் அந்த இடத்தில் ஒரு ரசீதின் குளோசப் வந்துவிட்டது. இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். வசனத்தை எடுத்தவுடன் கடிதம், வாட்ஸ்அப் செய்தி, நாட்காட்டியில் வட்டமிட்ட தேதி என்று எழுத்து உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதுவும் வசனம்தான், வாயால் பேசாத வசனம். போதாக்குறைக்கு, கைப்பேசியில் படம் பார்ப்பவருக்கு அந்த ரசீதின் எழுத்து தெரியவே தெரியாது.

ரசீதை எடுத்துவிட்டு, இந்த அப்பாவுக்கும் மகளுக்கும் இடையே தினமும் நடக்கிற ஒரு வேலையைத் தேடினோம். கிடைத்தது ஊசியில் நூல் கோப்பது. அப்பாவுக்குக் கிட்டப் பார்வை மங்கிவிட்டது. நூல் அறுந்தால் மிஷின் நிற்கும். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கோத்துப் பார்ப்பார், நூல் ஊசிக் கண்ணைத் தாண்டிப் போகும். கத்தரிக்கோலை எடுத்து மிஷின் பலகையில் இரண்டு தட்டு தட்டுவார். உள்ளறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கும் மகள் எழுந்து வந்து, நூல் நுனியை நாக்கில் நனைத்து, ஒரே முயற்சியில் கோத்துவிட்டுப் போவாள். மிஷின் மறுபடி ஓடும்.

இந்த ஒரு செயலே உறவு, வயது, வழக்கம், பாசம் நான்கையும் சொல்லிவிடுகிறது. கூடவே இன்னொரு சிக்கலும் தீர்கிறது. வசனமில்லாத படத்தில் இவர்கள் ஏன் பேசுவதே இல்லை என்ற கேள்வி பார்ப்பவர் மனத்தில் எழும். அதற்குக் கதைக்குள்ளேயே காரணம் இல்லையென்றால், நடிகர்கள் சைகை காட்டவும் வாயசைக்கவும் தொடங்கிவிடுவார்கள். இங்கே மிஷின் சத்தத்தில் பேசினால் கேட்காது, அதனால் மிஷின் நிற்கும்போதும் தட்டியே பழகியிருக்கிறார்கள். தூங்குகிற குழந்தை, கண்ணாடித் தடுப்பு, தெருவின் அந்தப் பக்கம், இரைச்சலான பட்டறை என்று ஏதோ ஒன்று பேச்சைத் தடுத்தால் மௌனம் இயல்பாகிவிடும்.

தட்டும் ஓசையை இரண்டு முறை காட்டினோம். முதல் முறை முழுதாக, கத்தரிக்கோலும் பலகையும் திரையில் தெரிய. இரண்டாம் முறை வேறொரு நாள். மிஷினில் இருக்கும் துணியின் நிறமும் மகளின் உடையும் மாறியிருப்பதால் நாள் மாறியது தெரிந்துவிடும். இந்த முறை கேமரா மகளின் அறையிலேயே இருக்கிறது. மிஷின் நிற்பதும் தட்டுவதும் வெறும் ஓசையாகத்தான் வருகின்றன. இரண்டாவது தட்டு விழும் முன்பே அவள் எழுந்துவிடுகிறாள். இப்போது பார்ப்பவருக்கு அந்த ஓசையின் அர்த்தம் பிடிபட்டுவிட்டது. இனி கத்தரிக்கோலைக் காட்டத் தேவையில்லை.

சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கி 1987-ல் வந்த, வசனமே இல்லாத 'பேசும் படம்' பார்த்தவர்களுக்கு இந்த முறை தெரிந்திருக்கும். கமல்ஹாசன் நடித்த பாத்திரம் ஒரு சினிமா தியேட்டரின் இரைச்சல் விழும் இடத்தில் தங்கியிருக்கும். அந்தச் சத்தத்திலேயே தூங்கிப் பழகியவனுக்கு நட்சத்திர ஹோட்டலின் அமைதியில் தூக்கம் வராது. அந்த இரைச்சலை டேப்பில் பதிவு செய்துகொண்டு வந்து போட்டுக் கேட்டுத் தூங்குவான். பழைய அறையில் அவன் வாழ்ந்ததை நமக்கு முன்பே காட்டியிருப்பதால்தான் ஹோட்டல் காட்சிக்கு ஒரு சொல்கூடத் தேவைப்படவில்லை.

சரி, சைக்கிளுக்கு வருவோம். மகளுக்குச் சைக்கிள் தேவை என்பதற்கு வாசலில் கிடக்கும் செருப்பைப் பயன்படுத்தினோம். வார் அறுந்து ஊக்கு குத்திய செருப்பு. அப்பா அதைப் பார்க்கிறார், செருப்பின் குளோசப், மறுபடி அப்பா. இதில் அப்பாவாக நடித்தவரிடம் முகத்தில் எதையும் காட்ட வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருந்தது. பார்வை, பார்க்கும் பொருள், மறுபடி பார்வை என்று அடுக்கினால் இடையில் உள்ள எண்ணத்தைப் பார்ப்பவரே நிரப்பிக்கொள்வார். சோவியத் இயக்குநர் குலெஷோவ் நூறு வருடம் முன்பே செய்து காட்டியது இது. அதற்கு மேல் நடிகர் பெருமூச்சும் விட்டால் மிகையாகிவிடும். குளோசப்பின் நீளத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. முதன்முதலாக வரும் பொருளுக்கு நான் இரண்டு வினாடியாவது தருவேன். அதே பொருள் மறுபடி வரும்போது ஒரு வினாடி போதும்.

அப்புறம் ஒரு காலையில் சைக்கிள் வருகிறது. மகள் ஓட்டிப் போகிறாள். மாலையில் திரும்பி வந்தால் வீடு அமைதியாக இருக்கிறது. மிஷின் நின்ற இடத்தில் சிமெண்டுத் தரையில் கால்களின் தடம் நான்கு, சுற்றிலும் நூல் துணுக்குகள். பின்கட்டிலிருந்து இரண்டு தட்டு. போய்ப் பார்த்தால் அப்பா துவைக்கும் கல்லருகே உட்கார்ந்து கையால் தைத்துக்கொண்டிருக்கிறார். அவள் ஊசியை வாங்கி நூல் கோக்கிறாள். மிஷினே போய்விட்டதால் இப்போது அவர் பெயர் சொல்லியே கூப்பிட்டிருக்கலாம். பழக்கத்தில் தட்டுகிறார்.

தாளில் இது தெளிவாக இருந்தது. முதல் எடிட்டைக் கதை தெரியாத சிலருக்குப் போட்டுக் காட்டினோம். "புரிஞ்சுதா?" என்று கேட்கக் கூடாது, எல்லோரும் மரியாதைக்கு ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "என்ன நடந்துச்சுன்னு முதல்லேர்ந்து சொல்லுங்க" என்று கேட்க வேண்டும். ஒருவர், மிஷின் திருடு போய்விட்டது என்றார். இன்னொருவர் காலித் தரையைப் பார்த்ததுமே அப்பா இறந்துவிட்டார் என்று முடிவு செய்திருந்தார், பின்கட்டுக் காட்சியைக் கனவு என்று எடுத்துக்கொண்டார்.

இரண்டாவது பதிலை நான் எதிர்பார்த்தேன். திடீர் அமைதியும் காலி இடமும் சேர்ந்தால் நம் சினிமா பார்த்து வளர்ந்தவருக்கு முதலில் தோன்றுவது சாவுதான். வசனம் இருந்தால் ஒரு வரியில் திருத்திவிடலாம். இங்கே அமைதி வருவதற்கு முன்பே காரணத்தைக் காட்டியாக வேண்டும். மகள் சைக்கிளில் வீடு திரும்பும் காட்சியில் எதிரே ஒரு தட்டுவண்டி வருவதாக ஒரு ஷாட் சேர்த்தோம். வண்டியில் சாக்கு போர்த்திய ஏதோ ஒன்று, சாக்குக்குக் கீழே மிஷினின் இரும்புக் கால்களும் மிதியும். சாலையைப் பார்த்து ஓட்டுகிற மகள் அதைக் கவனிக்கவில்லை. பார்ப்பவர் கவனித்துவிடுகிறார்.

மாணவிக்கு இதில் தயக்கம் இருந்தது, கடைசி அதிர்ச்சி போய்விடுமே என்று. போகத்தான் செய்தது. ஆனால் வசனமில்லாத படத்தில் அதிர்ச்சியை நம்புவது ஆபத்து. அதிர்ச்சிக்குப் பிறகு விளக்கம் வேண்டும், விளக்கத்துக்கு நம்மிடம் சொற்கள் இல்லை. பாத்திரத்துக்குத் தெரியும் முன்பே பார்ப்பவருக்குத் தெரிந்துவிட்டால், மகள் உற்சாகமாகப் பெல் அடித்துக்கொண்டு வீட்டுக்குள் நுழையும் ஒவ்வொரு வினாடியும் கனக்கும். அடுத்த முறை காட்டியபோது மிஷினை விற்றுவிட்டார் என்று எல்லோருமே சொன்னார்கள்.

ஓசையிலும் ஒரு கோளாறு இருந்தது. பின்கட்டுத் தட்டலைச் சிலர் அடையாளமே காணவில்லை. பலகையில் தட்டுவது டொக்கென்று கேட்கும், கல்லில் தட்டினால் கூர்மையாகக் கேட்கும். அதோடு படப்பிடிப்பில் நடிகர் மூன்று தட்டு தட்டியிருந்தார். ஓசையின் தன்மை மாறினால் பரவாயில்லை, காது அதன் தாளத்தை வைத்து அடையாளம் கண்டுகொள்ளும். தாளமும் மாறினால் அது வேறு ஓசை. ஒரு தட்டை வெட்டிவிட்டு, இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை முதல் காட்சியோடு சரியாகப் பொருத்தியதும் சிக்கல் தீர்ந்தது.

மிஷின் இல்லாத வீட்டின் அமைதியை வெறுமையாக விடவில்லை. ஒலித்தடத்தை மொத்தமாக அணைத்தால் பார்ப்பவர் ஸ்பீக்கர் போய்விட்டதோ என்று பார்ப்பார். மிஷின் ஓடியபோது கேட்காமல் இருந்த சின்ன ஓசைகள் இப்போது கேட்க வேண்டும். கடிகாரம், தெருவில் போகும் பேருந்து, ஒரு காகம். இதற்காகவே படப்பிடிப்பு முடிந்த பிறகு ஃபேனையும் ஃபிரிட்ஜையும் அணைத்து, எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லி, அந்த அறையின் ஓசையை ஒரு நிமிடம் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். மிஷின் ஓசையையும் மைக்கைப் பக்கத்தில் வைத்துத் தனியாக எடுத்தோம். மெதுவாகத் தொடங்கி வேகம் பிடிப்பது ஒன்று, நூல் அறுந்து தடுமாறி நிற்பது ஒன்று.

பின்னணி இசை முதல் எடிட்டில் ஆரம்பம் முதலே ஓடிக்கொண்டிருந்தது. தட்டல் வரும் இடங்களில் அதை எடுத்துவிட்டோம். கதையைச் சொல்கிற ஓசைக்கு முன்னும் பின்னும் கொஞ்சம் வெற்றிடம் இருந்தால்தான் அது காதில் பதியும். இந்தப் படத்தில் பெயர்கள் ஓடும்போது மட்டும் இசை வருகிறது.

கடைசியாகப் படத்தை ஹெட்ஃபோன் இல்லாமல் சாதாரணக் கைப்பேசியின் ஸ்பீக்கரில் ஓடவிட்டுக் கேட்டோம். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் அடித்தொனி ஏறாது, அதனால் மிஷினின் உறுமல் பாதி காணாமல் போயிருந்தது. மிஷின் ஓடியதே சரியாகக் கேட்கவில்லை என்றால் அது நின்றது எப்படித் தெரியும்? ஊசி ஏறி இறங்கும் மேல்தொனி ஓசையைக் கொஞ்சம் தூக்கி வைத்து மறுபடி கலந்தோம். அதற்குப் பிறகுதான் படத்தை வெளியே அனுப்பினோம்.