நியமனக் கடிதம் பெற்றவர்களில் 200 வீதம் பேர் வேலைக்குச் சேர்ந்தார்களாம்!

மட்டக்களப்புப் பக்கம் ஆள் சேர்க்கும் நிறுவனங்கள் பலவற்றில் இப்போது ஒரு எக்செல் தாள் இருக்கிறது. விண்ணப்பம், தொலைபேசி உரையாடல், நேர்முகத் தேர்வு, நியமனக் கடிதம், வேலையில் சேர்தல் என்று ஐந்து கட்டங்கள். ஒவ்வொன்றிலும் எத்தனை பேர், அடுத்ததற்கு எத்தனை வீதம் போனார்கள் என்று அது காட்டும். பார்க்க அழகுதான். ஆனால் நான் பார்த்த தாள்களில் பாதிக்கு மேல் அந்த வீதங்கள் பிழை.

கல்முனையிலும் வாழைச்சேனையிலும் கிளை உள்ள ஒரு நிதி நிறுவனம் கள உத்தியோகத்தர்களை எடுத்தது என்று வைத்துக்கொள்வோம். விண்ணப்பித்தவர்கள் 120 பேர். தாளில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே 'தற்போதைய கட்டம்' என்று ஒரே ஒரு நிரல். அதை எண்ணினால் விண்ணப்பத்தில் 70, தொலைபேசியில் 22, நேர்முகத்தில் 16, நியமனக் கடிதத்தில் 4, சேர்ந்தவர் 8 என்று வருகிறது. இனி ஒவ்வொன்றையும் அதற்கு முந்தியதால் வகுத்தால், கடிதம் பெற்ற 4 பேரில் 8 பேர் சேர்ந்ததாக, அதாவது 200 வீதமாகக் காட்டும். நூறைத் தாண்டியதால் இந்தப் பிழை கண்ணில் படுகிறது. தொலைபேசியிலிருந்து நேர்முகத்துக்கு 73 வீதம் என்பதும் அதே அளவு பிழைதான், ஆனால் நம்பும்படி இருப்பதால் யாரும் கேட்பதில்லை.

காரணம் எளிது. வேலையில் சேர்ந்த 8 பேரும் முன்பு கடிதம் வாங்கியவர்கள்தான். அவர்கள் அடுத்த கட்டத்துக்குப் போனதும் பழைய கட்டத்தின் கணக்கிலிருந்து மறைந்துவிட்டார்கள். இப்போது எங்கே நிற்கிறார் என்பதை விட்டு, அந்தக் கட்டத்தை எப்போதாவது தொட்டாரா என்று எண்ண வேண்டும். அப்படி எண்ணினால் 120, 50, 28, 12, 8. தொலைபேசியிலிருந்து நேர்முகத்துக்கு 56 வீதம், கடிதத்திலிருந்து வேலைக்கு 67 வீதம்.

இதற்குக் கட்டத்தின் பெயரை எழுதுவதை நிறுத்தி, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு திகதி நிரல் வையுங்கள். C நிரலில் தொலைபேசித் திகதி, D நிரலில் நேர்முகத் திகதி என்றால்:

```
=COUNT(D2:D121)/COUNT(C2:C121)
```

ஒரு சின்ன எச்சரிக்கை. திகதியை 12.03.2025 என்று புள்ளி வைத்து அடித்தால் பல கணினிகளில் எக்செல் அதை வெறும் எழுத்தாக எடுத்துக்கொள்ளும், COUNT அதை எண்ணாது. திகதி அதன் பெட்டிக்குள் வலப்பக்கம் ஒட்டி நிற்காமல் இடப்பக்கம் நின்றால் சந்தேகப்படுங்கள். அப்புறம், முகாமையாளரின் சிபாரிசில் நேரே நேர்முகத்துக்கு வந்தவருக்குத் தொலைபேசி நிரல் வெறுமையாக இருக்கும். அங்கேயும் நேர்முகத் திகதியையே போட்டுவிடுங்கள்.

சரி, இவ்வளவும் செய்தாலும் ஒரு சிக்கல் மிச்சம். நேர்முகம் முடித்த 28 பேரில் 12 பேருக்குக் கடிதம் போனது, 10 பேர் நிராகரிக்கப்பட்டார்கள், 6 பேர் இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள். 12/28 என்றால் 43 வீதம். காத்திருப்பவர்களை விலக்கினால் 12/22, 55 வீதம். எது சரி? முதலாவது, காத்திருப்பவர்களைத் தோற்றவர்களாக எண்ணுகிறது. இரண்டாவதிலும் ஒரு சாய்வு உண்டு. நல்ல செய்தியை அலுவலகம் அன்றே பதியும், 'வேண்டாம்' என்பதைச் சொல்லவும் பதியவும் வாரக்கணக்கில் இழுக்கும். அந்த ஆறு பேரில் பலர் உண்மையில் எப்போதோ நிராகரிக்கப்பட்டவர்களாக இருக்கலாம். அதனால் நான் மாதவாரியாக விண்ணப்பித்தவர்களைத் தனிக் குழுவாக வைத்து, அந்தக் குழுவில் எல்லோருக்கும் முடிவு தெரிந்த பிறகே வீதம் சொல்வேன். அதுவரை ஆட்களின் எண்ணிக்கை மட்டும்.

வீதத்துக்குப் பக்கத்தில் எண்ணிக்கை எப்போதும் நிற்கட்டும். 12 பேரில் 8 பேர் என்றால் 67 வீதம். இன்னும் ஒரே ஒருவர் சேர்ந்திருந்தால் 75. இந்த அளவு சின்னக் கூட்டத்தில் மாதத்துக்கு மாதம் ஏறி இறங்குவதற்கு அர்த்தம் தேடுவது வீண்.

கூடப் பயன் தருவது, விலகிய காரணம் என்ற நிரல். மேலே சொன்ன கணக்கில் கடிதம் வாங்கியும் சேராத 4 பேரில் 3 பேர் கல்முனைப் பக்கத்துப் பிள்ளைகள், கிடைத்ததோ வாழைச்சேனைக் கிளை என்று வையுங்கள். கிளை எது என்பது கடிதத்தைப் பிரித்தபோதுதான் தெரிந்திருந்தால் சம்பளத்தைக் கூட்டிப் பயனில்லை. முதல் தொலைபேசி அழைப்பிலேயே கிளையைச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லத் தொடங்கினால் 'அவ்வளவு தூரம் ஏலாது' என்பவர்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள், தொலைபேசிக் கட்டத்தின் 56 வீதம் அடுத்த மாதம் குறையும். முகாமையாளரிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் தாளைப் பார்த்துவிட்டு அழைப்பு எடுத்த பிள்ளையைத்தான் ஏசுவார்.