ஜெர்மன் கரண்ட் பில்லில் தடித்த எழுத்தில் இருப்பதெல்லாம் கட்டவேண்டிய தொகை அல்ல

“அக்கா, 1068 யூரோ கட்டச் சொல்லி வந்திருக்கு. தவணையில கட்டேலுமோ?” என்று கேட்டு ஒருவர் பில்லைப் படம் எடுத்து அனுப்பினார். ஜெர்மனியில் தமிழ்க் குடும்பங்களுக்குக் கடிதம் படித்துச் சொல்வதும் அலுவலகங்களுக்குக் கூடப் போய் மொழிபெயர்ப்பதும் என் வேலை. வருடாந்தரக் கரண்ட் பில் வந்தாலே இந்தக் கேள்விதான். அந்தக் குடும்பம் உண்மையில் கட்டவேண்டியது 133 யூரோ. ஆனால் என்னிடம் கேட்பதற்குள் தெரிந்தவரிடம் ஆயிரம் யூரோ கடன் வாங்கிவிட்டார்கள். இப்படி எத்தனை தடவைதான் பார்ப்பது?

ஜெர்மன் தெரியாவிட்டாலும் அந்தப் பில்லைப் பிரித்துவிடலாம். சொல்லை விட்டுவிட்டு, எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் அலகைப் பாருங்கள். ‘வருடத்துக்கு இத்தனை யூரோ’ அல்லது ‘மாதத்துக்கு இத்தனை யூரோ’ என்று இருந்தால் அது நிலைக்கட்டணம், கிருண்ட்பிரைஸ். ஒரு மாதம் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போனாலும் அது வரும். ‘ஒரு கிலோவாட் மணிக்கு இத்தனை சென்ட்’ என்று இருந்தால் அது பயன்பாட்டுக் கட்டணம், ஆர்பைட்ஸ்பிரைஸ். கிலோவாட் மணி என்பது நாம் யூனிட் என்று சொல்வதுதான்.

எண்ணைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அங்கே புள்ளி ஆயிரத்தைப் பிரிக்கும், காற்புள்ளிதான் தசமம். 2.640 என்றால் இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது யூனிட்.

அவர்கள் பில்லையே எடுத்துக்கொள்வோம். 2.640 யூனிட், ஒன்றுக்கு 29 சென்ட்: 765,60 யூரோ. வருட நிலைக்கட்டணம் 132 யூரோ. இரண்டும் சேர்ந்து 897,60. இதன்மேல் 19 சதவீத விற்பனை வரி 170,54. ஆக மொத்தம் 1.068,14. இந்த எண்தான் பக்கத்தின் நடுவில் தடித்த எழுத்தில் நின்று எல்லோரையும் பயமுறுத்துகிறது.

தயவுசெய்து கேளுங்கள். அது ஒரு வருடத்துக்கு உங்கள் கரண்டின் விலை. நீங்கள் இன்று தரவேண்டிய கடன் அல்ல. மாதாமாதம் கணக்கிலிருந்து போனதே 85 யூரோ, அது இந்த விலைக்கான முன்பணம். அந்த நிறுவனம் அதைப் பதினொரு தவணையாக எடுத்திருந்தது, மொத்தம் 935 யூரோ. பில்லில் மொத்தத்துக்கு அடுத்த வரியிலேயே கழித்தல் குறியோடு அந்த 935 இருக்கும். கழித்தால் 133,14. அதுதான் நாஹ்சாலுங், நீங்கள் கட்டவேண்டிய மீதி. முன்பணம் அதிகமாகியிருந்தால் அவர்கள்தான் உங்களுக்குத் தரவேண்டும், அதற்குக் கூட்ஹாபன் என்று பெயர். மொத்தத்துக்கும் மீதிக்கும் நடுவில் இருக்கும் அந்தக் கழித்தல் வரியைப் பார்க்காமல் யாரிடமும் கடன் கேட்டு நிற்காதீர்கள்.

வரியிலும் ஒரு குழப்பம் உண்டு. கடைசிப் பக்கத்தில் மின்வரி, மின்கம்பிக் கட்டணம் என்று ஒரு பட்டியல் இருக்கும். மின்வரி யூனிட்டுக்கு 2,05 சென்ட், இவர்களுக்கு 54,12 யூரோ வந்தது. சிலர் அதையும் மொத்தத்தோடு கூட்டிவிடுகிறார்கள். அது ஏற்கெனவே அந்த 29 சென்ட்டுக்குள் அடங்கியது, தகவலுக்காகப் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். தனியாக மேலே ஏறுவது அந்த 19 சதவீதம் மட்டும்தான்.

அப்புறம் தேதி. மேலே வலதுபுறம் இருப்பது பில் எழுதிய தேதி. கட்டவேண்டிய தேதிக்குப் பக்கத்தில் ஃபேலிஹ் என்ற சொல் இருக்கும். சட்டப்படி அது பில் உங்கள் கைக்கு வந்து குறைந்தது இரண்டு வாரம் கழித்துத்தான் இருக்க முடியும். கீழே வரிசையாக வரும் தேதிகள் அடுத்த வருடத் தவணைகளுக்கானவை. இவர்களுக்குத் தவணை 98 யூரோவாக ஏறியிருந்தது. அதை 133 யூரோவோடு சேர்த்து ஒரேயடியாக அனுப்பவேண்டியதில்லை. வங்கியிலிருந்து நேராக எடுத்துக்கொள்ள அனுமதி கொடுத்திருந்தால் நீங்கள் எதையும் அனுப்பவே வேண்டாம், அந்தத் தேதியில் கணக்கில் பணம் இருந்தால் போதும்.

படம் எடுப்பவர்களுக்கு ஒரு கண்டிப்பு. அட்டவணை இருக்கும் பக்கத்தை மட்டும் எடுத்து அனுப்பாதீர்கள். மீதித் தொகையும் தேதியும் பெரும்பாலும் முதல் பக்கத்தில்தான் இருக்கும். மேசைமேல் விரித்து, நான்கு ஓரமும் தெரிய, எல்லாப் பக்கத்தையும் எடுங்கள். வலது ஓரம் வெட்டுப்பட்டால் காற்புள்ளிக்குப் பின்னால் இருப்பது போய்விடும், கழித்தல் குறியும் சில பில்களில் எண்ணுக்குப் பின்னால்தான் இருக்கும்.

கூடவே மீட்டரையும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். பில்லில் மீட்டர் அளவுக்குப் பக்கத்தில் கெஷெட்ஸ்ட் என்று இருந்தால் யாரும் வந்து பார்க்கவில்லை, உத்தேசமாகப் போட்டிருக்கிறார்கள். மீட்டர் இன்று காட்டுவது பில்லில் உள்ளதைவிடக் குறைவாக இருந்தால் பில் கூடுதலாக வந்திருக்கிறது. அந்தப் படத்தை வைத்துத் திருத்திய பில் கேட்கலாம். ஆனால் கட்டவேண்டிய தேதி முடிவதற்குள் கேட்டுவிடுவது நல்லது. தவணை கேட்பதற்கும் அப்படித்தான். நினைவூட்டல் கடிதம் இரண்டு வந்தபிறகு என்னைக் கூப்பிட்டால், முதலில் அந்தக் கடிதங்களுக்கான கட்டணத்தைப் பற்றித்தான் பேசவேண்டியிருக்கும்.