புகை திறந்துவிடும் வழி: ஃப்ளூ, நிமோனியா, இரண்டு தடுப்பூசிகள்

இஸ்ரேல் இராணுவத்தின் ஒரு படைப்பிரிவில் பரவிய ஃப்ளூ காய்ச்சலைப் பற்றிய ஆய்வு ஒன்று 1982இல் வெளியானது. ஒரே முகாமில் தங்கி, ஒரே உணவை உண்டு, ஒரே பயிற்சியைச் செய்த உடல்நலம் மிக்க இளைஞர்கள் அவர்கள். புகைபிடிக்காதவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 47 பேருக்குக் காய்ச்சல் கண்டது. புகைபிடித்தவர்களிலோ 68 பேருக்கு மேல். படுக்கையில் கிடக்கவோ பணிக்கு விடுப்பு எடுக்கவோ நேர்ந்தவர்கள் முன்னவரில் நூற்றுக்கு 30 பேர், பின்னவரில் 50 பேர். பல்லாண்டுகள் புகைத்து நுரையீரல் கெட்டுப்போன முதியவர்களுக்குத்தான் தொற்று கடுமையாகும் என்ற எண்ணத்தை இந்தக் கணக்கு மறுக்கிறது.

காரணத்தை மூச்சுக்குழாயின் உட்சுவரில் தேட வேண்டும். அச்சுவரின் மேல் மெல்லிய சளிப்படலம் ஒன்று பரவியிருக்கிறது. அதன் அடியில் கண்ணுக்குப் புலப்படாத குற்றிழைகள் இடைவிடாது ஒரே திசையில் அசைந்து, சளியில் ஒட்டிய தூசியையும் கிருமிகளையும் தொண்டையை நோக்கி மேலேற்றுகின்றன. நாம் அறியாமலே அவற்றை விழுங்கிவிடுகிறோம். சிகரெட் ஆனாலும் பீடி ஆனாலும் அதன் புகை இந்த இழைகளைத் தளர்த்தி, நாளடைவில் குட்டையாக்குகிறது. அதே வேளையில் சளி சுரக்கும் செல்களைப் பெருக்குகிறது. சளி கூடுகிறது, அதை ஏற்றிச் செல்லும் ஆற்றல் குறைகிறது. இழைகள் செய்ய வேண்டிய வேலையை இருமல்தான் செய்தாக வேண்டும் என்ற நிலை வருகிறது. இன்னும் ஆழத்தில், காற்று நுண்ணறைகளில் கிருமிகளை விழுங்கி அழிக்கும் வெள்ளணுக்கள் புகைபிடிப்பவர்களிடம் எண்ணிக்கையில் அதிகமாகவே இருக்கின்றன. ஆனால் புகைத்துகள்கள் நிறைந்த அந்த அணுக்கள் கிருமியை விழுங்குவதில் மந்தமாகிவிடுகின்றன.

இந்த இடத்தில் நியூமோகாக்கஸ் என்ற பாக்டீரியாவைக் கவனிக்க வேண்டும். நிமோனியாவுக்கு அடிக்கடி காரணமாகும் இது, பெரும்பாலும் வெளியிலிருந்து திடீரென்று வந்து தாக்குவதில்லை. மூக்குக்கும் தொண்டைக்கும் இடையில் தீங்கின்றி முன்பே குடியிருந்த ஒன்றுதான் ஒரு நாள் கீழே இறங்குகிறது. மூச்சுப்பாதைச் செல்களின் மேல் இக்கிருமி பற்றிக்கொள்ளும் ஏற்பிகளைப் புகை அதிகப்படுத்துகிறது என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. கிருமி ஒட்டுவதற்கு இடம் கூடுகிறது, துடைத்து வெளியேற்றும் கை தளர்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 18 முதல் 64 வயது வரையுள்ள, வேறு நோயெதிர்ப்புக் குறைபாடு இல்லாதவர்களிடம் நடத்தி 2000இல் வெளியிடப்பட்ட ஆய்வில், நியூமோகாக்கஸ் இரத்தத்தில் நுழையும் கடும் நோய்க்கான வாய்ப்பு புகைபிடிப்பவர்களுக்கு ஏறத்தாழ நான்கு மடங்காக இருந்தது. புகைபிடிக்காமல் பிறர் புகையைச் சுவாசித்தவர்களுக்கும் இரண்டரை மடங்கு. புகையை விட்டவுடன் அந்த அபாயம் இறங்கத் தொடங்கினாலும், புகைக்காதவர் நிலையை எட்டப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆனது. ஆகவே, “விட்டுவிட்டேனே, எனக்கு எதற்கு ஊசி” என்ற கேள்வி பாதிதான் சரி.

ஃப்ளூ வைரஸ் இக்கதையில் இரண்டாவது ஆள். அது மூச்சுப்பாதையின் செல்களுக்குள் பெருகி அவற்றை அழிக்கிறது. எஞ்சியிருந்த குற்றிழைகளும் உதிர்கின்றன. வைரஸை எதிர்க்கும் முயற்சியில் உடல் வெளியிடும் சில வேதிப்பொருள்களே, பாக்டீரியாவை விழுங்கும் வெள்ளணுக்களைச் சில நாள்கள் முடக்குகின்றன என்பது இதில் வியப்பான செய்தி. புகை அரைகுறையாகத் திறந்து வைத்த கதவை வைரஸ் முழுதாகத் திறக்க, நியூமோகாக்கஸ் இறங்குகிறது. 1918ஆம் ஆண்டின் பெருங்காய்ச்சலில் இறந்தவர்களில் பெரும்பாலோர் இத்தகைய பாக்டீரியா நிமோனியாவால்தான் இறந்தனர்.

தடுப்பூசிகள் இரண்டும் இச்சங்கிலியை இரண்டு வெவ்வேறு கண்ணிகளில் அறுக்கின்றன. ஃப்ளூ வைரஸின் மேற்பரப்புப் புரதங்கள் ஓயாமல் உருமாறுவதால், உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை எந்த வகைகளை ஊசியில் சேர்க்கலாம் என்று பரிந்துரைக்கிறது. நாமும் ஆண்டுதோறும் புதிய ஊசியைப் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. எதிர்ப்பொருள்கள் உருவாக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். பரவும் வைரஸுடன் பொருத்தம் குறைந்த ஆண்டுகளில் காய்ச்சல் வரவே செய்யும். அப்போதும் மருத்துவமனை வரை போகாமல் காப்பதுதான் இந்த ஊசியின் மதிப்பு.

நியூமோகாக்கஸ் ஊசியின் நுட்பம் வேறு. இக்கிருமியைச் சுற்றிச் சர்க்கரைச் சங்கிலிகளாலான வழுக்கும் உறை ஒன்று உண்டு. வெள்ளணுக்கள் அதைப் பற்ற முடியாமல் தவிக்கின்றன. உறையின் மேல் எதிர்ப்பொருள் ஒட்டிக்கொண்டால், அதுவே வெள்ளணுவுக்குக் கைப்பிடி. ஆனால் அந்த உறையில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. பழைய ஊசியில் 23 வகை உறைகளின் சர்க்கரை மட்டும் இருந்தது; வெறும் சர்க்கரையைக் கண்டு உடல் எதிர்ப்பொருளைச் சுரந்தாலும், அதை நீண்ட நாள் நினைவில் வைப்பதில்லை. அதனால் அச்சர்க்கரையை ஒரு புரதத்துடன் பிணைத்த இணைப்பு ஊசிகள் வந்தன. புரதத்தைக் கண்டதும் நோயெதிர்ப்பை வழிநடத்தும் வெள்ளணுக்களான டி-செல்கள் துணைக்கு வருகின்றன, நினைவு உருவாகிறது. இன்று 13, 15, 20, 21 வகைகளைக் கொண்ட இணைப்பு ஊசிகள் உள்ளன. அமெரிக்க நோய்த்தடுப்பு ஆலோசனைக் குழு புகைபிடிக்கும் பெரியவர்களுக்கு, வேறு நோய் இல்லாவிட்டாலும், நியூமோகாக்கஸ் ஊசியை 2008இல் பரிந்துரைத்தது. 20 அல்லது 21 வகை ஊசி என்றால் ஒரு தவணை போதும். 15 வகை என்றால் பொதுவாக ஓராண்டு கழித்து 23 வகை ஊசியும் தேவை. இந்தியப் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் இணைப்பு ஊசி குழந்தைகளுக்குத்தான் உண்டு. பெரியவர்கள் காசு கொடுத்துத்தான் போட்டுக்கொள்கிறார்கள்.

இதற்கும் எல்லை உண்டு. நெதர்லாந்தில் 65 வயதைக் கடந்த ஏறத்தாழ 85,000 பேரிடம் 13 வகை ஊசியைச் சோதித்தபோது, ஊசியில் அடங்கிய வகைகளால் வரும் நிமோனியா 45 விழுக்காடு அளவும், அவ்வகைகள் இரத்தத்தில் பரவும் நோய் 75 விழுக்காடு அளவும் குறைந்தன. எல்லாக் காரணங்களாலும் வரும் நிமோனியாவைச் சேர்த்துப் பார்த்தால் பெரிய வேறுபாடு தெரியவில்லை; காரணக் கிருமிகள் பல என்பதால் இது எதிர்பார்க்கத்தக்கதே.

இருபது ஆண்டுகளாகப் பீடி புகைக்கும் 46 வயது லாரி ஓட்டுநர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். முதல் நாள் காய்ச்சலும் உடல்வலியும். நான்காம் நாள் தேறிவிட்டதாக நினைத்து வண்டி எடுக்கிறார். ஆறாம் நாள் உடல் தூக்கிப்போடும் குளிருடன் காய்ச்சல் திரும்புகிறது. மூச்சை இழுத்தால் விலாவில் குத்துகிறது. சளி துருநிறத்தில் வருகிறது. தேறிய பிறகு திரும்பிவரும் காய்ச்சல்தான் இங்கே முக்கிய அடையாளம். வழக்கமான பீடி இருமல் என்று ஒதுக்குவதால் அது தவறிப்போகிறது. முதல் நாளைத் தடுக்க முயல்வது ஃப்ளூ ஊசி, ஆறாம் நாளைத் தடுக்க முயல்வது நியூமோகாக்கஸ் ஊசி. இரண்டையும் ஒரே நாளில் கைக்கொன்றாகப் போடலாம். கடுங்காய்ச்சல் இருந்தால் மட்டும் தணியும் வரை தள்ளிவைப்பார்கள்.

அவர் விரலில் மாட்டிய, இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டர் 94 காட்டினால் நிம்மதி அடையக் கூடாது. அன்று காலையிலும் பீடி புகைத்திருந்தால், அவர் ஹீமோகுளோபினில் நூற்றுக்கு ஏழு பங்கைக் கார்பன் மோனாக்சைடு பிடித்து வைத்திருக்கக்கூடும். விரல்கருவி அதையும் ஆக்சிஜன் என்றே எண்ணிவிடும். உண்மையில் ஆக்சிஜனைச் சுமப்பது ஏறத்தாழ 87 பங்குதான். தமனியிலிருந்து இரத்தம் எடுத்து, இவ்விரண்டையும் பிரித்துக் காட்டும் கருவியில் பார்த்தால்தான் அது தெரியும். ஆகவே இவருக்கு ஆக்சிமீட்டர் எண்ணைவிட, நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு வாங்குகிறார் என்பதை எண்ணிப் பார்ப்பது நம்பகமானது; 30ஐத் தொட்டால் தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.