பச்சை வளையத்தைச் சுற்றி நிற்கும் வெள்ளைக்கோடு

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ ஒரு கமக்காரர் அமைப்பின் கூட்டத்துக்குப் பதாகை அடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இலச்சினை வட்ஸ்அப்பில் வருகிறது: வெள்ளைப் பின்னணி, கரும்பச்சை வளையம், அதே பச்சையில் எழுத்தும் நெற்கதிரும். அகலம் 600 பிக்சல். போட்டோஷொப்பின் மெஜிக் வாண்டால் வெள்ளையை அழித்து அரக்குப் பின்னணியில் வைத்தால், வளையத்தைச் சுற்றி வெளிறிய கோடு தெரியும். திரையில் அது அற்பமாகத்தான் இருக்கும். ஆனால் இலச்சினையை 2 அடி அகலத்தில் அச்சிடும்போது ஒரு பிக்சல் ஏறக்குறைய 1 மில்லிமீற்றராகிவிடும்.

ஓரப் பிக்சல்கள் பச்சையும் அல்ல, வெள்ளையும் அல்ல. பச்சை 0,100,0 என்றால், பாதிக்குப் பாதி கலந்த ஓரம் 128,178,128 என்ற வெளிர்பச்சை. அரக்கின்மேல் அந்த இடம் பச்சையும் அரக்கும் கலந்த கருமையாக இருக்கவேண்டும். Tolerance அளவைக் கூட்டினால் கோடு மெலியும், ஆனால் ஓரம் பல்லுப்பல்லாகி, மெல்லிய தமிழ் எழுத்துகளும் கரையும். ஆகவே ஒரே நிற இலச்சினையை வெட்டவே வேண்டாம். அதன் வடிவத்தை மாஸ்க்காக எடுத்து, நிறத்தைப் புதிதாகக் கொடுங்கள்.

போட்டோஷொப்பில் படம் RGB நிலையில் இருக்கட்டும். Channels பகுதியில் Red மட்டும் தெரிவுசெய்யுங்கள். பச்சையில் சிவப்பு இல்லாததால் இலச்சினை அங்கே கறுப்பாகவும் பின்னணி வெள்ளையாகவும் தெரியும். Ctrl+A, Ctrl+C கொடுத்து RGBக்குத் திரும்புங்கள். Layer > New Fill Layer > Solid Color மூலம் இலச்சினையின் பச்சையை நிரப்பி, அதன் மாஸ்க்கை Alt பிடித்து அழுத்தி Ctrl+V, பிறகு Ctrl+I. இப்போது இலச்சினை வெள்ளை, மற்றதெல்லாம் கறுப்பு. கறுப்பில் ஜேபெக் அழுக்கு மங்கலாய்ப் படிந்திருக்கும். Ctrl+L திறந்து கறுப்பு முனையை 15 அளவுக்கும் வெள்ளை முனையை 240 அளவுக்கும் நகர்த்தினால் அது போய்விடும். அதற்கு மேல் நெருக்காதீர்கள், ஓரத்தின் மென்மையே போய்விடும். மூலப்படத்தின் லேயரை மறைத்துவிடுங்கள்.

பலர் தவறவிடுவது ஒன்று: வளையத்துக்குள் இருந்த வெள்ளையும் இப்போது இல்லை, கதிருக்குப் பின்னால் அரக்கு தெரியும். பச்சை லேயருக்குக் கீழே ஒரு வெள்ளை வட்டம் வையுங்கள். அதன் விளிம்பு வளையத்தின் தடிப்புக்கு நடுவில் ஒளிந்திருக்கவேண்டும். வெளிவிளிம்பு வரை இழுத்தால் பழைய வெள்ளைக்கோடு திரும்ப வந்துவிடும்.

பல நிற இலச்சினைக்கு இந்த வழி சரிவராது. அதை வெட்டிய பின் Layer > Matting > Defringe, 1 பிக்சல். அது ஓரத்து நிறத்தை உள்நிறத்தால் மாற்றும். 3, 4 என்று கூட்டினால் பக்கத்து நிறங்கள் இழுபட்டுக் கறையாகும்.

முடிந்ததும் கறுப்பு, அரக்கு, மஞ்சள் மூன்றின் மேலும் வைத்து 300% பெரிதாக்கிப் பாருங்கள். PNG ஆகச் சேமித்து, அச்சகத்துக்கு வட்ஸ்அப்பில் டொக்கியுமென்டாக அனுப்புங்கள். போட்டோவாக அனுப்பினால் அது ஜேபெக் ஆகிப் பின்னணி மறுபடி நிரம்பிவிடும்.