பத்து ஹெச்பி மாட்டினால் தண்ணீர் கூடுமா?

போன மாசியில் பல்லடம் பக்கத்திலிருந்து ஒரு தென்னந்தோப்புக்காரர் கூப்பிட்டார். ஏழரை ஹெச்பி சப்மெர்சிபிள் ஓடுகிறது, மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்த தண்ணீர் இப்போது வருவதில்லை, பத்து ஹெச்பிக்கு விலை சொல்லுங்கள் என்றார். பம்புசெட் வேலையில் எனக்கு வரும் போன்களில் பாதி இதுதான். விலையைச் சொல்லி இறக்கிவிட்டு வந்தால் எனக்குத்தான் லாபம். ஆனால் ஒரு வருஷத்தில் திரும்ப அவரே கூப்பிடுவார், அப்போது குரல் வேறு மாதிரி இருக்கும். அதனால் நேரில் போய் அளந்து பார்த்துவிட்டுத்தான் விலை சொல்வது என்று வைத்திருக்கிறேன்.

அளப்பதற்கு முன்னால், ஹெச்பி என்பது என்ன என்பதை அவருக்குச் சொன்ன மாதிரியே இங்கேயும் சொல்லிவிடுகிறேன். 75 கிலோ எடையை ஒரு விநாடியில் ஒரு மீட்டர் உயரம் தூக்கினால் அது ஒரு ஹெச்பி. தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ. ஆகவே விநாடிக்கு எத்தனை லிட்டர் வருகிறதோ அதை, எத்தனை மீட்டர் ஏற்றுகிறோமோ அதனால் பெருக்கி, 75-ஆல் வகுத்தால் தண்ணீரைத் தூக்க மட்டும் ஆகும் ஹெச்பி வந்துவிடும். கணக்கு இவ்வளவுதான். பெருக்க வேண்டிய அந்த இரண்டு எண்களையும் யாரும் சரியாகப் பிடிப்பதில்லை என்பதுதான் சிக்கல்.

லிட்டரைப் பிடிப்பது சுலபம். தொட்டியில் விழும் குழாயைத் திருப்பி 200 லிட்டர் டிரம்மில் விட்டோம். போனில் ஸ்டாப் வாட்ச். மோட்டாரைப் போட்டு அரை மணி நேரம் ஓடிய பிறகு எடுத்த அளவு இது. போட்ட உடனே எடுத்தால் குழியில் நின்றிருந்த தண்ணீர் வேகமாக வந்து ஏமாற்றிவிடும். டிரம் நிறைய 100 விநாடி ஆனது. விநாடிக்கு 2 லிட்டர்.

உயரத்தில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். “போர் 600 அடிங்க தம்பி, பம்பு 430 அடியில தொங்குது” என்றார். இந்த இரண்டு எண்ணும் நமக்கு வேண்டாம். பம்பு எத்தனை ஆழத்தில் தொங்கினாலும் அதைச் சுற்றி நிற்கும் தண்ணீர் தன் மட்டம் வரைக்கும் குழாய்க்குள் தானாக ஏறி நிற்கும். மோட்டார் தூக்குவது அந்த மட்டத்துக்கு மேலே உள்ள தூரத்தை மட்டும்தான். அதுவும் மோட்டார் ஓடும்போது மட்டம் எங்கே இறங்கி நிற்கிறதோ அங்கிருந்து.

நல்லவேளை, மூன்று வருஷத்துக்கு முன் பம்பு இறக்கியபோது கூடவே ஒரு மெல்லிய நைலான் குழாயையும் 425 அடி வரை கட்டி இறக்கச் சொல்லியிருந்தேன். அன்றைக்கு “இது எதுக்குத் தம்பி தெண்டச் செலவு” என்று முணுமுணுத்தார். அதன் மேல்முனையில் ஒரு பிரஷர் கேஜ், சைக்கிள் பம்பு. காற்றை அடிக்க அடிக்க முள் ஏறும். குழாய்க்குள் இருக்கும் தண்ணீரை எல்லாம் காற்று கீழே தள்ளிவிட்ட பிறகு எவ்வளவு அடித்தாலும் முள் நகராது. நின்ற இடத்தைப் படிக்க வேண்டும். ஒரு கிலோ பிரஷர் என்றால் குழாய் முனைக்கு மேலே 10 மீட்டர் தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தம். மோட்டாரைப் போடும் முன்பு முள் ஐந்தரை கிலோவைத் தாண்டி நின்றது: மட்டம் சுமார் 240 அடி. ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டு கிலோ. அதாவது முனைக்கு மேலே 20 மீட்டர்தான், சுமார் 65 அடி. 425-இல் 65 போனால் 360 அடி. மீட்டரில் 110.

தரைக்கு மேலே தொட்டியின் வாய் 4 மீட்டர். ஆக, தூக்க வேண்டிய உயரம் 114 மீட்டர். இதை அப்படியே போட்டால் 2 பெருக்கல் 114 வகுத்தல் 75, மூன்று ஹெச்பி. “மூணுதானா? நான் ஏழரை போட்டிருக்கேனே” என்றார். நியாயமான கேள்விதான்.

மிச்சம் எங்கே போகிறது என்றால், முதலில் குழாயில். போரிலிருந்து மேலே வரும் குழாய் ஒன்றரை இஞ்ச், 430 அடி. அங்கிருந்து தொட்டிக்கு 300 மீட்டர் தூரம், அதுவும் ஒன்றரை இஞ்ச்தான். விநாடிக்கு 2 லிட்டர் போகும்போது அந்தக் குழாயில் 100 மீட்டருக்கு ஆறரை மீட்டர் உயரம் உராய்வில் தின்றுபோகும். போருக்குள் எட்டரை, தோட்டத்தில் பத்தொன்பதரை, மொத்தம் 28 மீட்டர். தண்ணீர் ஓர் அடிகூட மேலே ஏறாத சமதளக் குழாயில் மோட்டார் ஆறு மாடிக் கட்டடம் ஏற்றுகிற வேலையைச் செய்துகொண்டிருந்தது. 114-உடன் 28 சேர்த்தால் 142 மீட்டர். இப்போது கணக்கு 3.8 ஹெச்பி.

அடுத்த பங்கு பம்புக்குள். இந்த அளவு போர்வெல் பம்பு, தண்டில் வாங்கும் சக்தியில் ஏறத்தாழ பாதியைத்தான் தண்ணீருக்குக் கொடுக்கும். மீதி இம்பெல்லருக்குள் சுழலிலும் கசிவிலும் சூடாகப் போய்விடும். 3.8-ஐ இரட்டித்தால் ஏழரையைத் தொட்டுவிடுகிறது. மோட்டாரிலும் ஒரு கால் பங்கு போகும். பேனல் போர்டில் பார்த்தேன்: 380 வோல்ட், 15 ஆம்ஸ். கிட்டத்தட்ட 7.9 கிலோவாட் உள்ளே போகிறது, தண்ணீருக்குப் போய்ச் சேர்வது 2.8. மணிக்கு எட்டு யூனிட். இலவச மின்சாரம் என்பதால் இது யார் கண்ணிலும் படுவதில்லை. பில் வந்திருந்தால் குழாயை என்றைக்கோ மாற்றியிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

சரி, மோட்டாரில் கோளாறு இல்லை என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிட்டது. ஏழரை ஹெச்பி செய்ய வேண்டியதைச் செய்கிறது. மூன்று வருஷத்தில் மாறியது தண்ணீர் மட்டம். மட்டம் இறங்கினால் அதே பம்பு குறைவாகத்தான் இறைக்கும். ஆம்ஸ் சரியாக இருந்து, உயரமும் கூடியிருந்தால், பம்பைக் கழற்றாதீர்கள். உயரம் மாறாமலே தண்ணீர் குறைந்திருந்தால்தான் இம்பெல்லர் தேய்ந்ததா, குழாயில் எங்காவது ஓட்டையா என்று பார்க்க வேண்டும்.

இனி அவர் கேட்ட பத்து ஹெச்பி. அவருக்கு விநாடிக்கு 3 லிட்டர் வேண்டும், இப்போதையதில் ஒன்றரை மடங்கு. சக்தியும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு போதும், பத்து போட்டால் கிட்டத்தட்ட வந்துவிடும் என்பது அவர் கணக்கு. பேப்பரில் போட்டுக் காட்டினேன். 2 லிட்டர் எடுத்ததற்கு மட்டம் 120 அடி இறங்கியது. 3 லிட்டர் எடுத்தால், அதே விகிதத்தில் போனாலே, 180 அடி இறங்கி 420-இல் நிற்கும். பாறைப் போரில் அதைவிடக் கூடவும் இறங்கலாம். பம்பு தொங்குவது 430-இல். உராய்வோ, தண்ணீர் ஒன்றரை மடங்கானால் இரண்டு மடங்குக்கு மேலே போய்விடும்: 28 மீட்டர் 59 ஆகிவிடும். 420 அடி மீட்டரில் 128, தொட்டிக்கு 4, உராய்வுக்கு 59, ஆக 191 மீட்டர். அதை 3-ஆல் பெருக்கி 75-ஆல் வகுத்தால் 7.6 ஹெச்பி. பம்பின் பாதி நஷ்டத்தையும் சேர்த்தால் 15 ஹெச்பி. ஒன்றரை மடங்கு தண்ணீருக்கு இரண்டு மடங்கு மோட்டார், அதுவும் பத்தடி தண்ணீரில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு.

கடைக்காரர் கொடுத்த பெட்டியைக் கொண்டுவந்து காட்டினார். பத்து ஹெச்பி பம்பு. மேல்பட்ச ஹெட், அதாவது தூக்கும் உயரம், ஒரு எண்; மேல்பட்ச டிஸ்சார்ஜ், அதாவது வரும் தண்ணீர், ஒரு எண்; இரண்டும் பெரிய எழுத்தில். இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்கவே கிடைக்காது. மேல்பட்ச ஹெட்டில் ஒரு சொட்டும் வராது. மேல்பட்ச டிஸ்சார்ஜ் தாழ்ந்த உயரத்தில்தான் வரும். உங்கள் உயரத்துக்கு நேரே அட்டவணையில் எத்தனை லிட்டர் போட்டிருக்கிறது என்று கேளுங்கள். அட்டவணை இல்லை என்றால் அந்தக் கடையை விட்டுவிடுங்கள்.

கடைசியில் நான் விற்றது 300 மீட்டர் இரண்டு இஞ்ச் குழாய். போருக்குள் இருப்பதைத் தொடவில்லை; அதைத் தூக்கி இறக்கும் கூலியே தனி. தோட்டத்துக் குழாயில் 2 லிட்டருக்கு பத்தொன்பதரை மீட்டர் தின்றது ஆறாகக் குறைந்தது. மாற்றியதும் டிரம் 91 விநாடியில் நிறைந்தது, விநாடிக்கு 2.2 லிட்டர். பத்து சதவீதம்தான். உராய்வு குறைந்த அளவுக்குத் தண்ணீர் கூடவில்லையே என்று அவர் முகம் சுருங்கியது. தண்ணீர் கூடினதும் போரில் மட்டம் இன்னும் 12 அடி இறங்கிவிட்டது, அதில் கொஞ்சம் போய்விடுகிறது என்றேன். போர் கொடுக்கும் அளவுக்கு மேலே எந்த மோட்டாரும் கொடுக்காது.

ஐப்பசி மழைக்கு அப்புறம் மறுபடி போன். “ஏனுங் தம்பி, தண்ணி மேல வந்திருச்சு, மோட்டார் ட்ரிப் ஆவுது.” அவருக்கு இது புரியவில்லை, தண்ணீர் மேலே வந்தால் மோட்டாருக்குச் சுமை குறையத்தானே வேண்டும்? உயரம் குறைந்ததும் பம்பு அதிகத் தண்ணீரைத் தள்ளத் தொடங்கும். இந்த வகைப் பம்பில் தண்ணீர் கூடக் கூட மோட்டார் இழுக்கும் சக்தியும் கூடும். நூறு மீட்டருக்கு மேலே தூக்க வாங்கியதை அறுபது மீட்டரில் ஓட்டினால் ஆம்ஸ் எகிறும், ஓவர்லோடு ரிலே தட்டும். ரிலேயை அசட்டையாகக் கூட்டி வைத்துவிட்டு ஓட்டினால் மோட்டார் காயில் கருகும். மழைக்காலத்தில் ரீவைண்டிங் கடைகளில் கூட்டம் சேர்வதற்கு இடியும் மின்னலும் மட்டும் காரணமில்லை.

போர் மூடிக்குப் பக்கத்தில் இருக்கும் கேட் வால்வை முழுதாகத் திறக்காமல், ஆம்ஸ் மீட்டரைப் பார்த்துக்கொண்டே மெதுவாக மூடும் பக்கம் திருகச் சொன்னேன். போனைக் கீழே வைக்காமலே திருகினார். பதினெட்டு, பதினேழு, பதினைந்தரை என்று சொல்லிக்கொண்டே வந்தார். அந்த இடத்தில் வால்வுத் தண்டில் பெயிண்டால் ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள், சித்திரையில் மட்டம் இறங்கும்போது திரும்பத் திறந்துவிடலாம் என்று சொல்லி வைத்தேன்.